எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்

முதல் நாள் கூட்டத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரஸ் ஆபரேட்டர்கள் இருவர், டூல் ரூம் ஃபிட்டர் ஒருவர், மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், குவாலிட்டி இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டில் வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞர். நான் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “டை மாத்துற நேரத்தைக் குறைக்கணும். எப்படிச் செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். மேனேஜர் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்களின் கருத்தைக் கேட்டு நடப்பவர்தான் நல்ல மேனேஜர் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வயதில் மூத்த ஃபிட்டர் மட்டும், “நீங்க சொல்லுங்க சார், செஞ்சிடலாம்” என்றார். இவர்களுக்கு ஆர்வமே இல்லை என்று நினைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். அது தவறான கணிப்பு. ஆர்வம் இருந்தது. தங்களிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

சென்னைப் புறநகரில் ஒரு தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்கள் செய்யும் பட்டறை அது. அங்கிருந்த 200 டன் பிரஸ்ஸில் ஒரு பாகம் அடித்து முடித்ததும் அச்சைக் கழற்றி, அடுத்த பாகத்துக்கான அச்சை ஏற்ற வேண்டும். இந்த அச்சைத்தான் டை என்பார்கள். பழைய பாகத்தில் கடைசி நல்ல பீஸ் விழுந்த நிமிடத்திலிருந்து புதிய பாகத்தில் முதல் நல்ல பீஸ் விழும் நிமிடம் வரை ஆகும் நேரமே டை மாற்றும் நேரம். எங்களுக்கு அது சராசரியாக 170 நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றுவோம். அதாவது நாளொன்றுக்கு ஐந்து மணி நாற்பது நிமிடம் அந்த பிரஸ் சும்மா நின்றது. 12 வாரத்தில் இதை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்லி என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அந்த 12 வாரத்தில் டை மாற்றுவதைப் பற்றி நான் கற்றுக்கொண்டது குறைவு. ஏழு பேர் ஒரு குழுவாக ஆவது எப்படி, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் மேனேஜர் என்னவாக இருக்க வேண்டும் என்பதைத்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். பெரும்பாலும் தவறு செய்து கற்றது.

ஒரு கட்டுக் கட்டுரைகளிலிருந்து

ஃபார்மிங், ஸ்டார்மிங், நார்மிங், பெர்ஃபார்மிங் என்ற நான்கு சொற்களை எந்த நிர்வாகப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் கேட்கலாம். நான் இவற்றைக் கூடுதல், மோதல், இணங்குதல், இயங்குதல் என்று சொல்வது வழக்கம். முதன்முதலில் எழுதியவர் ப்ரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1965இல் அந்தக் கட்டுரை வெளியானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டாவில் இருந்த கடற்படை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அங்கே மூத்தவராக இருந்த இர்வின் ஆல்ட்மன், குழுக்கள் வளரும் விதம் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அந்தக் கட்டை இவரிடம் கொடுத்து, இதில் ஏதாவது பொதுவாகத் தென்படுகிறதா என்று பார்க்கச் சொன்னார். மொத்தம் 50 கட்டுரைகள். டக்மன் புதிதாக எந்தக் குழுவையும் உட்கார்ந்து கவனிக்கவில்லை. பிறர் கவனித்து எழுதியவற்றைப் படித்து, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்த வரிசையைப் பிரித்தெடுத்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கட்டுரைகளில் பெரும்பகுதி மனநல சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை. அந்தக் குழுக்களுக்குக் கெடு கிடையாது, சம்பளம் கிடையாது, இன்கிரிமென்ட் போடுகிற அதிகாரியும் கிடையாது. நடத்துபவர் வேண்டுமென்றே ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் கொஞ்ச நாளில் அவர்மேலேயே கோபப்படுவார்கள். பட்டறையிலோ அலுவலகத்திலோ அப்படி நடக்காது. வரிசை பொருந்துகிறது, ஆனால் அது வெளிப்படும் முகம் வேறு. வகுப்பில் யாரும் சொல்லித்தராத இந்த வித்தியாசத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

டக்மன் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்த்தார். ஒன்று, ஆட்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி இருக்கிறார்கள். இன்னொன்று, கையிலிருக்கும் வேலையை எப்படி அணுகுகிறார்கள். தொடக்கத்தில் ஆட்கள் எல்லையைத் தடவிப் பார்ப்பார்கள். எவ்வளவு பேசலாம், எது பேசினால் வம்பு, யார் சொன்னால் நடக்கும். கூடவே, யாராவது வழிகாட்டும் ஒருவரைப் பற்றிக்கொள்வார்கள். அன்று ஏழு பேரும் என்னையே பார்த்ததற்கு அர்த்தம் இதுதான்.

சொல்ல வேண்டிய நேரம்

இரண்டாவது கூட்டத்தை வேறு மாதிரி நடத்தினேன். கேள்வி கேட்கவில்லை. சொன்னேன். இலக்கு 60 நிமிடம், கெடு 12 வாரம். கூட்டம் செவ்வாயும் வெள்ளியும், ஷிஃப்ட் தொடங்கியதும் இருபது நிமிடம், பிரஸ் பக்கத்திலேயே நின்றபடி. அந்த நேரத்துக்கு உற்பத்திக் கணக்குக் கேட்க மாட்டார்கள், சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். முதல் வாரம் ஒன்றையும் மாற்ற வேண்டாம், ஒவ்வொரு டை மாற்றலையும் வீடியோ எடுத்து நேரம் குறிப்போம். இளைஞர் கேமரா பிடிப்பார், இன்ஸ்பெக்டர் நேரம் எழுதுவார்.

குழு முடிவு செய்ய முடியாதவை எவை என்பதையும் சொன்னேன். ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு என்றால் நான் மேலே கேட்க வேண்டும். டைக்குள் கை போகும் எந்த வேலையிலும் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்ட வேண்டும், ராம் இறங்காமல் டை ப்ளாக் முட்டுக் கொடுக்க வேண்டும். எத்தனை நிமிடம் மிச்சமானாலும் இதில் கை வைக்கக் கூடாது.

கூட்டம் முடிவதற்குள் எட்டுக் கேள்விகள் வந்தன. எல்லாம் என்னிடம்தான். வீடியோ யாரிடம் இருக்கும், ஓவர்டைம் உண்டா, ராத்திரி ஷிஃப்டிலும் எடுக்கணுமா. நான் எண்ணி வைத்துக்கொண்டேன். பின்னாளில் அந்த எண்ணிக்கைதான் எனக்குக் கருவியானது. எத்தனை கேள்வி மேனேஜரிடம் வருகிறது, எத்தனை அவர்களுக்குள் போகிறது என்று பார்த்தால் குழு எங்கே நிற்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பால் ஹெர்சி, கென் பிளான்சர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1969இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தலைமை என்பது ஒரே குணம் கிடையாது, அதில் இரண்டு பிடிகள் இருக்கின்றன என்பது அதன் சாரம். என்ன செய், எப்படிச் செய், எப்போது செய் என்று வேலையைச் சொல்வது ஒரு பிடி. கேட்பது, விளக்குவது, தைரியம் சொல்வது என்று ஆளைத் தாங்குவது மற்றொன்று. ஆள் புதிதாக இருக்கும்போது முதல் பிடியை இறுக்க வேண்டும். பிறகு இரண்டையும் இறுக்க வேண்டும். அடுத்து முதலாவதைத் தளர்த்தி இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இரண்டையும் விடலாம். பிற்பாடு பயிற்சியாளர்கள் இதை டக்மனின் நான்கு கட்டங்களோடு ஒன்றுக்கொன்று பொருத்தி அட்டவணை போட்டுவிட்டார்கள். ஆராய்ச்சியில் இந்த அட்டவணைக்கு முழு ஆதரவு கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பிடியை இப்போது இறுக்கியிருக்கிறேன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள இது மிகவும் உதவுகிறது.

சத்தமில்லாத சண்டை

ஒரு வார வீடியோவைப் பிரித்து எழுதியதும் 170 நிமிடம் எங்கே போகிறது என்று தெரிந்தது. போல்ட், கிளாம்ப், ஸ்பானர் தேடுவதில் 35. ஃபோர்க்லிஃப்ட்டுக்குக் காத்திருப்பதில் 25. பழைய டையை இறக்க 20, புதியதை ஏற்றி இறுக்க 30. ராம் எவ்வளவு கீழே வர வேண்டும் என்று உயரம் சரிசெய்ய 15. முதல் பீஸ் அடித்து, அளந்து, இன்ஸ்பெக்டர் ஓகே சொல்வதற்கு 45.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ சொல்லிவைத்த வழி எங்களுக்குத் தெரியும். பிரஸ் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலைகளையும், ஓடும்போதே செய்து வைத்துக்கொள்ளக்கூடிய வேலைகளையும் பிரிக்க வேண்டும். தேடுவதும் காத்திருப்பதும் இரண்டாவது வகை. அங்கேயே ஒரு மணி நேரம் கிடைத்துவிடும். காகிதத்தில் வேலை முடிந்த மாதிரிதான்.

மூன்றாவது வாரம் எல்லாம் நின்றுபோனது.

சண்டை என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. கூட்டத்தில் தலையாட்டினார்கள். ஆனால் இன்ஸ்பெக்டர் இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை, லைனில் அவசர வேலை என்றார். ஃபிட்டர் வந்தார், பேசவில்லை. கேமராவில் சார்ஜ் இல்லை என்று இரண்டு முறை வீடியோ எடுக்கப்படவில்லை. ஸ்பானர்களை மாட்ட நான் வாங்கிக் கொடுத்த பலகை சுவரோரம் சாய்த்து வைத்தபடியே இருந்தது.

மோதல் கட்டம் என்றால் மேசையைத் தட்டிக் கத்துவது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பட்டறைகளில் ‘சார்’ எதிரில் யாரும் சண்டை போடுவதில்லை. அது வராமல் இருப்பதாக வரும், மறந்துபோவதாக வரும், “சரிங்க சார்” என்ற சொல்லாகவும் வரும். உண்மையான பேச்சு டீக்கடையில் நடக்கும். கூட்டத்தில் அமைதி, டீக்கடையில் புகை என்றால் குழு மோதல் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியவில்லை. பெரியவர்கள், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்கிக்கொண்டேன். ஒதுங்குவது அவர்களுக்கு நான் தரும் மரியாதை என்றும் நினைத்தேன். இரண்டு வாரம் வீணாயிற்று. நான்கு கட்டங்களிலும் மேனேஜர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டிய கட்டம் இது ஒன்றுதான். அதில்தான் நான் விலகி நின்றேன்.

விஷயத்தை உடைத்தவர் அந்தக் கான்ட்ராக்ட் இளைஞர். ஒரு நாள் மாலை கேட்டருகே தயங்கி நின்று, “சார், வீடியோ எடுக்கறதுல அண்ணனுக்கு மனசு கஷ்டம். இருபது வருஷமா செட்டிங் பண்றவரு. இப்ப நான் கேமராவ வச்சுக்கிட்டு அவரு கையப் படம் புடிக்கிறேன்” என்றார்.

மறுநாள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசினேன், என் அறையில் இல்லை, அவரவர் வேலை செய்யும் இடத்தில். இரண்டு சண்டைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பது புரிந்தது. முதலாவது கௌரவம் பற்றியது. ராம் உயரம் சரிசெய்யும் வேலை எப்போதும் ஃபிட்டருடையது. அதை ஆபரேட்டரே செய்துவிட்டால் பதினைந்து நிமிடம் மிச்சமாகும் என்று ஓர் ஆபரேட்டர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். ஃபிட்டருக்கு அது, நீங்கள் தேவையில்லை என்று கேட்டிருக்கிறது. இரண்டாவது வேலை பற்றியது. முதல் பீஸ் ஓகே சொல்ல இன்ஸ்பெக்டரை பிரஸ் அருகே வந்து நிற்கச் சொன்னார்கள். அவர் பொறுப்பில் இன்னும் மூன்று மெஷின்கள் இருந்தன. இங்கே வந்து நின்றால் அங்கே பீஸ் பெட்டி பெட்டியாகக் கெடலாம், பழி அவர்மேல்தான் விழும். நியாயமான பயம்.

இவற்றை ஒரே மாதிரி தீர்க்க முடியாது. இரண்டாவது சண்டை குழுவுக்குள் நடந்தே ஆக வேண்டியது. அதனால் அதை வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இன்ஸ்பெக்டர் தன் சிக்கலைச் சொல்லட்டும், யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். முதல் முறையாக அங்கே குரல் உயர்ந்தது. எலக்ட்ரீஷியனும் இன்ஸ்பெக்டரும் நேருக்கு நேர் வாக்குவாதம் செய்தார்கள். இருபது நிமிடம் நாற்பதானது. கடைசியில் டை மாற்றத் தொடங்குவதற்கு அரை மணி முன்பே இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிவிடுவது, கேஜ் எல்லாம் பிரஸ் பக்கத்தில் ஒரு தட்டில் தயாராக இருப்பது, அவர் பதினைந்து நிமிடம் மட்டும் நிற்பது என்று வந்து முடிந்தது. அந்த யோசனை எனக்குத் தோன்றியதே இல்லை.

கௌரவச் சண்டையைக் கூட்டத்தில் வைக்கவில்லை. அங்கே வைத்தால் யாராவது ஒருவர் எல்லோர் முன்னாலும் தோற்க வேண்டியிருக்கும். அதை நானே முடிவு செய்தேன். ஒவ்வொரு டைக்கும் உயரம் எவ்வளவு என்ற அளவை ஃபிட்டர் எழுதி, தகட்டில் பொறித்து, அந்தந்த டையிலேயே ஆணியடித்து வைப்பார். அந்த அளவுக்கு பிரஸ்ஸை வைப்பது ஆபரேட்டர் வேலை. அளவு சரியில்லை என்றால் திருத்தும் உரிமை ஃபிட்டருக்கு மட்டும். அவருடைய இருபது வருட அனுபவம் தகட்டில் ஏறியது. அடுத்த செவ்வாய் அவரே பதினோரு தகடுகளோடு வந்து நின்றார்.

ஹெர்சியும் பிளான்சர்டும் இரண்டாம் கட்டத்தில் இரண்டு பிடியையும் இறுக்கச் சொல்வதன் பொருள் எனக்கு அப்போது விளங்கியது. முடிவு எடுக்கவும் வேண்டும், ஏன் எடுத்தேன் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசவும் வேண்டும். மேனேஜருக்கு மிக அதிக நேரம் பிடிக்கும் கட்டம் இது. அந்த ஒரு வாரம் நான் வேறெந்த வேலையும் பார்க்கவில்லை.

நட்பு வந்த பிறகு வரும் ஆபத்து

ஆறாவது வாரத்திலிருந்து காற்று மாறியது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் யாரும் கேட்காமலே அடுத்த டையை பிரஸ் ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். ஸ்பானர் பலகை சுவரில் ஏறியது. ஒவ்வொரு ஸ்பானருக்கும் பின்னால் அதன் உருவத்தை இளைஞர் சிவப்பு பெயின்டில் வரைந்திருந்தார், எது இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும்படி. கூட்டத்தில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். என்னிடம் வந்த கேள்விகள் இரண்டோ மூன்றோதான்.

12 வாரக் கெடுவில் சரியாகப் பாதியில் இது நடந்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம். கோனி கெர்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் எட்டு வேலைக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில நாளில் முடிந்த குழுவும் உண்டு, அரையாண்டு நீண்டதும் உண்டு. ஆனால் எல்லாம் ஏறத்தாழ தங்கள் கெடுவின் பாதியில் திடீரென்று திரும்பியிருந்தன. படிப்படியாக ஏறவில்லை. பாதி போய்விட்டதே என்ற உணர்வு வந்ததும் பழைய முறையை உதறிவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொண்டன. அப்படியானால் எங்கள் மாற்றத்தில் எவ்வளவு என் பங்கு, எவ்வளவு காலண்டரின் பங்கு? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் குழுவுக்கும் கெடுவின் நடு நாளை முன்கூட்டியே குறித்து, அன்று ஒரு நீண்ட கூட்டம் வைக்கிறேன்.

இணங்குதல் கட்டத்தில் என் வேலை வாயை மூடிக்கொள்வதாக இருந்தது. கூட்டத்தை மூத்த ஆபரேட்டர் நடத்தினார். நான் ஓரமாக நின்றேன். பழக்கதோஷத்தில் யாராவது என்னைப் பார்த்தால், அவரை நோக்கித் திரும்பி, “நீங்க என்ன நெனக்கிறீங்க?” என்றேன். முதல் நாள் அமைதியை வரவழைத்த அதே கேள்விக்கு இப்போது பதில் வந்தது. நேரம் 85 நிமிடத்துக்கு இறங்கியிருந்தது.

எட்டாவது வாரம் வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை நின்றது. டை ப்ளாக் வைக்காமலே ஆபரேட்டர் உள்ளே கை விட்டுக் கிளாம்ப்பைச் சரிசெய்கிறார். பக்கத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தைய வார வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். அதற்கு முன்னும் நான்கு முறை நடந்திருந்தது. இரண்டு நிமிடம் மிச்சம். மூன்றாவது வாரத்தில் இப்படி நடந்திருந்தால் யாராவது ஒருவர் என்னிடம் வந்து சொல்லியிருப்பார். இப்போது அவர்கள் நண்பர்கள். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் குழுவின் வழக்கமாகிவிட்டது.

டக்மன் இந்தக் கட்டத்தில் குழுவுக்குள் ஒட்டுதல் உண்டாகும் என்றார், கருத்துகள் திறந்து பேசப்படும் என்றும் சொன்னார். முதலாவது வந்துவிட்டால் இரண்டாவதும் தானாக வரும் என்று நம்பிவிடக் கூடாது. சில சமயம் ஒட்டுதலே வாயை அடைத்துவிடுகிறது. கூட்டங்களில் மறுப்பே எழவில்லை, எல்லா யோசனையும் முதல் முறையிலேயே ஏற்கப்படுகிறது என்றால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பது நல்லது.

அன்று நான் மறுபடி முதல் நாள் மேனேஜர் ஆனேன். பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். வீடியோவைப் போட்டுக் காட்டி, ஆளைக் குறிப்பிடாமல், “இதுல பேச்சுக்கே இடமில்ல. டை ப்ளாக் இல்லன்னா டை மாத்தக் கூடாது” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டு, அந்த இரண்டு நிமிடத்தை வேறெங்கே எடுக்கலாம் என்ற கேள்வியை அவர்களிடமே விட்டேன். எலக்ட்ரீஷியன் ஒரு சாக்கெட் பொருத்தினார். டை ப்ளாக்கின் சங்கிலி முனையில் இருக்கும் பிளக் அதில் செருகியிருந்தால்தான் பிரஸ் ஓடும். ப்ளாக்கை எடுத்து முட்டுக் கொடுக்கப் பிளக்கை உருவினால் மோட்டார் தானாக நின்றுவிடும். முட்டை எடுக்க மறந்து பிரஸ்ஸை ஓட்டிவிடும் ஆபத்தும் அதோடு போயிற்று. மிச்சமான நிமிடங்களை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பதினான்கு வகையாக இருந்த கிளாம்ப் போல்ட்டை ஒரே அளவாக்கி. ஒரே ஸ்பானர் போதும் என்றாயிற்று. போல்ட்டுக்கான செலவு என் வரம்பைத் தாண்டியது. மேலே போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

நான் தேவைப்படாத நாள்

பத்தாவது வாரம் முதல் முறையாக 60 நிமிடத்துக்குக் கீழே வந்தது. பன்னிரண்டாவது வாரச் சராசரி 48. பழைய டை இறக்க 12, புதியது ஏற்றி இறுக்க 14, உயரத்துக்கு 5, முதல் பீஸுக்கு 17. பார்ப்பதற்கு யாரும் அவசரப்பட்ட மாதிரியே தெரியாது. பேச்சும் குறைவு. அவர்கள் என்னையும் பார்ப்பதில்லை, ஒருவரை ஒருவரும் அதிகம் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் டைமேல் இருந்தது. ஃபிட்டர் கை நீட்டினால் ஸ்பானர் வந்தது. உயரத்தை ஆபரேட்டர் வைத்தார். ஒரு நாள் அவர் வேறு வேலையில் மாட்டிக்கொள்ள, எலக்ட்ரீஷியன் வைத்தார். அது யார் வேலை என்ற பேச்சே எழவில்லை. இதுவே இயங்குதல் கட்டம். குழுவுக்குள் பாத்திரங்கள் இறுகிப்போகாமல், வேலைக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும்.

இந்தக் கட்டத்தில் மேனேஜரின் வேலை குழுவுக்கு வெளியே இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட்டை ஸ்டோர்ஸ்காரர்கள் இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது, திட்டமிடும் பிரிவு கடைசி நிமிடத்தில் பாகத்தை மாற்றாதபடி பேசி வைப்பது, கேட்டதை வாங்கித் தருவது. உள்ளே போனால் இடைஞ்சல். பதினோராவது வாரம் ஒரு நாள் போல்ட் ஒன்று சிக்கி 95 நிமிடம் ஆகிவிட்டது. பதறிப்போய் ஓடி, இதைப் பிடி, அதைக் கழற்று என்று சொல்லத் தொடங்கினேன். மூத்த ஆபரேட்டர் குரலை உயர்த்தாமல், “சார், நாங்க பாத்துக்கறோம்” என்றார். விலகி நின்றேன். சிக்கிய போல்ட்டை வெட்டி எடுத்துவிட்டு, அன்று மாலையே ஏன் சிக்கியது என்று அவர்களே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஏறிய குழு இறங்காது என்று யாரும் உறுதி தர முடியாது. இலக்கைத் தொட்ட அடுத்த மாதம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரை வேறு யூனிட்டுக்கு மாற்றினார்கள். புதியவர் நல்ல ஓட்டுநர்தான். ஆனாலும் அந்த வாரம் நேரம் 80 ஆனது. ஏழில் ஒருவர் மாறினால் ஏழு பேருக்கும் இடையிலான பழக்கம் குலைகிறது. அவருக்காகக் குழு முழுவதையும் மறுபடி கட்டளைக்குள் கொண்டுவருவது மற்ற ஆறு பேரையும் அவமதிப்பதாகும். எனவே அவரிடம் மட்டும் முதல் நாள் மாதிரி பேசினேன்: எந்த டை எப்போது, எங்கே வைக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும். மற்றவர்களைத் தொடவில்லை. பத்து நாளில் நேரம் பழைய இடத்துக்கு இறங்கியது.

டக்மன் 1977இல் மேரி ஆன் ஜென்சன் என்பவரோடு சேர்ந்து ஐந்தாவதாகக் கலைதல் என்ற கட்டத்தையும் சேர்த்தார். எங்கள் குழு கலைந்தபோது நான் விழாவெல்லாம் வைக்கவில்லை, வைத்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. ஃபிட்டர் மட்டும் தகடு பொறிக்கும் எழுத்து அச்சுகளை ஒரு டப்பாவில் போட்டு அந்த இளைஞரிடம் கொடுத்துவிட்டு டூல் ரூமுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பிரஸ்ஸுக்கு ஒரு குழு போட்டோம். நடத்தும் பொறுப்பை மூத்த ஆபரேட்டரிடம் கொடுத்தோம். முதல் கூட்டம் முடிந்து நேராக என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

“என்ன பண்ணலாம்னு கேட்டேன் சார். ஒருத்தரும் வாயே தொறக்கல. எல்லாரும் என்னையே பாக்கறாங்க.”

“உக்காருங்கண்ணே,” என்றேன். “நாளைக்குக் கேக்காதீங்க. யாரு வீடியோ எடுக்கணும், யாரு நேரம் எழுதணும், எத்தன மணிக்கு வரணும்னு சொல்லிடுங்க.”